வானத்துக்குள் புகுந்த புல்வெளி

படச் செயலாக்கம் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பழக்கமாகியிருக்கும். கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் முக்காலியில் நிறுத்திய கேமராவுக்குள் குனிந்து பார்க்கிறார். அவருக்குப் பின்னால் தூரத்தில் சில கட்டடங்கள் தெரிகின்றன. மேலே வெளிறிய வானம், கீழே அதைவிடக் கருமையான புல்வெளி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எடுக்கப்பட்ட இந்தப் படத்துக்கு ‘கேமராமேன்’ என்றே பெயர். அகலம் 256 பிக்சல், உயரமும் 256 பிக்சல். உலகெங்கும் மாணவர்கள் இதை மங்கலாக்கியும் கூர்மையாக்கியும் பழகியிருக்கிறார்கள்.

இந்தப் படத்தை ஃபூரியர் மாற்றத்தின் வழியே நன்றாக மங்கலாக்கிப் பாருங்கள். நடுப்பகுதி எதிர்பார்த்தபடியே வரும். ஆனால் படத்தின் உச்சியில், வானம் தொடங்கும் இடத்தில், காரணமே இல்லாமல் ஒரு கருமை படிந்திருக்கும். அங்கே மேகமும் இல்லை, மரமும் இல்லை. கீழ் விளிம்பில் புல்வெளி வெளிறிப்போயிருக்கும். புல்வெளியின் கருமை மேலே போய் வானத்தில் கலந்திருக்கிறது, வானத்தின் வெளிச்சம் கீழே வந்து புல்லில் விழுந்திருக்கிறது. இதைத்தான் சுற்றிவரும் பிழை என்கிறோம். நிரலில் தப்பு இருக்குமோ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கணினி தனக்குச் சொன்ன கணக்கைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நாம் மனதில் வைத்திருந்த கணக்குதான் வேறு.

மங்கலாக்குவது என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் அக்கம்பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்துச் சராசரி எடுப்பது. எத்தனை பக்கத்துப் பிக்சல்கள், எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் சிறிய எண் கட்டம்தான் ஃபில்டர். 31-க்கு 31 ஃபில்டர் என்றால் ஒரு பிக்சலுக்கு 961 பெருக்கல்கள். 256-க்கு 256 படத்தில் 65,536 பிக்சல்கள் இருப்பதால் மொத்தம் சுமார் 6.3 கோடிப் பெருக்கல்கள். ஃபூரியர் வழி குறுக்குவழி. படத்தை அலைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலையின் உயரத்தையும் ஃபில்டர் சொல்லும் அளவுக்குக் கூட்டிக் குறைத்து, மீண்டும் அலைகளைச் சேர்த்தால் அதே விடை மிகக் குறைந்த வேலையில் கிடைத்துவிடும். 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட வேக ஃபூரியர் மாற்றம்தான் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

‘அதே விடை’ என்று சொல்லும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. படத்தைப் பிரித்துக் கொடுக்கும் அந்த அலைகள் எப்படிப்பட்டவை? படச் சட்டத்துக்குள் ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை என்று முழு எண்ணிக்கையில் ஏறி இறங்கும் அலைகள் மட்டுமே அதில் உண்டு. ஒன்றரை முறை ஏறி இறங்கும் அலைக்கு அங்கே இடமில்லை. முழு எண்ணிக்கையில் அடங்கும் அலை கீழ் விளிம்பில் எந்த நிலையில் முடிகிறதோ, மேல் விளிம்பில் அதன் தொடர்ச்சியாகவே ஆரம்பிக்கும். அதற்கு விளிம்பு என்பதே கிடையாது. இப்படிப்பட்ட அலைகளை எப்படிக் கூட்டினாலும், எந்த உயரத்தில் வைத்தாலும், வரும் கூட்டுத்தொகையும் அதே குணத்தோடுதான் இருக்கும். ஆக, இந்தக் கணக்கைப் பொறுத்தவரை படத்தின் கடைசி வரிசைக்கு அடுத்தது முதல் வரிசைதான். வலது ஓரத்துக்கு அடுத்தது இடது ஓரம்தான்.

படத்தை ஒரு தாளாக நினைத்துக்கொண்டு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் ஒட்டினால் ஒரு குழாய் கிடைக்கும். அந்தக் குழாயின் இரண்டு வாய்களையும் வளைத்து ஒட்டினால் கிடைப்பது மெதுவடையின் வடிவம். ஃபூரியர் மாற்றம் படத்தைப் பார்ப்பது இந்த வடையின் மேற்பரப்பாகத்தான். அதில் வானத்தின் உச்சியும் புல்வெளியின் அடியும் ஒட்டியிருக்கின்றன. சராசரி எடுக்கப் போகும் ஃபில்டர் மேல் விளிம்பில் நின்று இன்னும் மேலே கைநீட்டினால், கையில் அகப்படுவது புல்தான்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முழுப் படம் வேண்டாம், மேலிருந்து கீழாக எட்டே பிக்சல்கள் கொண்ட ஒரு பத்தி போதும். மேலே நான்கு பிக்சல்கள் வானம், ஒவ்வொன்றின் மதிப்பும் 200. கீழே நான்கு பிக்சல்கள் புல், மதிப்பு 40. ஃபில்டர் ஐந்து பிக்சல் சராசரி, அதாவது தன்னோடு மேலே இரண்டும் கீழே இரண்டும். முதல் வரி மூலப் பத்தி. இரண்டாவது வரி, எந்தத் தடுப்பும் இல்லாமல் ஃபூரியர் வழியே வந்த விடை.

```
200 200 200 200  40  40  40  40
136 168 168 136 104  72  72 104
```

நடுவில் இருக்கும் நான்கு எண்களான 168, 136, 104, 72 சரியானவை. வானத்திலிருந்து புல்லுக்கு மெதுவாக இறங்குகின்றன, மங்கலாக்கினால் அப்படித்தான் வர வேண்டும். ஆனால் முதல் பிக்சலைப் பாருங்கள். அதற்கு மேலே இருக்க வேண்டிய இரண்டு பிக்சல்களுக்குப் பதிலாகப் பத்தியின் அடியிலிருந்து இரண்டு 40-கள் வந்து சேர்ந்துவிட்டன. 40, 40, 200, 200, 200 ஆகியவற்றின் சராசரி 136. வானத்தின் உச்சி, வானமும் புல்லும் சந்திக்கும் இடத்தில் உள்ள அதே மங்கலோடு இருக்கிறது. கணக்குக்கு அங்கேயும் ஒரு சந்திப்பு இருப்பதால் அதில் வியப்பில்லை. கடைசிப் பிக்சலுக்கு 40 வர வேண்டிய இடத்தில் 104 வந்திருக்கிறது.

இந்தப் பிழைக்கு நோயறிதலுக்கு உதவும் ஒரு குணம் உண்டு. அது விளிம்பிலிருந்து ஃபில்டரின் பாதியளவு தூரம் வரைதான் பரவும், அதற்கு மேல் ஒரு பிக்சல்கூட உள்ளே வராது. ஐந்து பிக்சல் ஃபில்டருக்கு இரண்டு பிக்சல். 31 பிக்சல் ஃபில்டருக்கு 15 பிக்சல். விளிம்போரத்தில் பட்டை ஒன்று தெரிகிறது, ஃபில்டரைப் பெரிதாக்கினால் அதே அளவில் அகலமாகிறது, எதிர் விளிம்பில் உள்ளதன் சாயல் அதில் இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் பட்டை தெரியவில்லை என்பதால் பிழை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேமராமேன் படத்தின் மேல் பாதியில் இடது ஓரத்திலும் வானம், வலது ஓரத்திலும் வானம். இடமிருந்து வலமாகவும் கலப்பு நடக்கத்தான் செய்கிறது. வானத்தோடு வானம் கலந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? மருத்துவ ஸ்கேன் படங்களில் நான்கு ஓரமும் கறுப்பாகவே இருக்கும். அங்கே பல நேரம் இந்தப் பிழை தானாகவே ஒன்றுமில்லாமல் போய்விடும். அப்படிப்பட்ட படங்களில் மட்டும் சோதித்துப் பார்த்து எழுதிய நிரல், விளிம்பு வரை விவரம் நிறைந்த செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்ததும் பல்லிளிக்கும்.

தீர்வு எளிது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரு விளிம்புகளுக்கும் நடுவே காலி இடம் போட வேண்டும். மாற்றத்துக்கு அனுப்பும் முன் படத்தின் கீழேயும் வலப்புறமும் பூஜ்யங்களைச் சேர்த்துப் பெரிதாக்கிக்கொள்வது, வேலை முடிந்ததும் தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது. இதற்குப் பெயர் பேடிங். வேக ஃபூரியர் மாற்றம் வந்த மறுவருடமே, 1966-இல், தாமஸ் ஸ்டாக்ஹாம் அமெரிக்காவில் ஒரு கணினி மாநாட்டில் இந்த வழியை விளக்கிக் கட்டுரை வாசித்தார். பின்னாளில் டிஜிட்டல் ஒலிப்பதிவின் முன்னோடியாக அறியப்பட்ட அதே ஸ்டாக்ஹாம்தான். அதிபர் நிக்சனின் ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்துபோனது எப்படி என்று ஆராய 1973-இல் அமைக்கப்பட்ட நிபுணர் குழுவிலும் அவர் இருந்தார்.

எவ்வளவு பூஜ்யம் போட வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. குறைவாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை அதே பத்தியில் பார்க்கலாம். கீழே ஒரே ஒரு பூஜ்யம் சேர்த்து நீளத்தை 9 ஆக்கினால் முதல் பிக்சலுக்கு மேலே உள்ள முதல் இடத்தில் பூஜ்யம் வரும், அதற்கும் மேலே உள்ள இடத்தில் பழையபடி புல்லின் 40 வந்து நிற்கும். கடைசிப் பிக்சலுக்கு வானத்தின் ஒரு 200 இன்னும் வந்து சேரும், விடை 64 ஆகும். இரண்டு பூஜ்யம் போட்டு நீளத்தை 10 ஆக்கினால் கலப்பு முற்றிலும் நின்றுவிடும்.

```
120 160 168 136 104  72  32  24
```

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் வேறு எண் சொல்லும். படத்தின் நீளம் N, ஃபில்டரின் நீளம் m என்றால் புத்தகத்தின் விதி இது:

```
P >= N + m - 1
```

எட்டோடு ஐந்தைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் 12. நமக்கு 10 போதுமாக இருந்ததே, யார் சொல்வது சரி? இரண்டும் சரிதான், கேள்விகள்தான் வேறு. மங்கலாக்கும்போது படத்தின் வெளிச்சம் சட்டத்துக்கு வெளியேயும் சிந்தும், மேலே இரண்டு பிக்சல், கீழே இரண்டு பிக்சல். அந்தச் சிந்தலையும் சேர்த்த முழு விடை 12 பிக்சல் நீளம். அது முழுவதும் கலப்பில்லாமல் வேண்டும் என்றால் 12 இடம் வேண்டும், ஒன்றுகூடக் குறைக்க முடியாது. ஆனால் படம் எந்த அளவில் போனதோ அதே அளவில் திரும்பி வந்தால் போதும் என்பதே நம்மில் பலருடைய தேவை. அப்போது ஃபில்டரின் பாதியளவு பூஜ்யம் போதும். கீழ் விளிம்பிலிருந்து ஃபில்டர் கீழே நீட்டும் கையும், மேல் விளிம்பிலிருந்து மேலே நீட்டும் கையும் அகப்படுவது அதே பூஜ்யங்களில்தான். ஒரே பூஜ்யக் கூட்டம் இரண்டு விளிம்புகளுக்கும் காவல் நிற்கிறது. 12 இடம் தேவைப்படும் விடையை 10 இடத்தில் அடைத்தால் மீதி இரண்டு சுற்றிவந்து எதன் மேலாவது விழத்தான் வேண்டும். அவை விழுவது நாம் எப்படியும் வெட்டி எறியப்போகும் சிந்தல் பகுதியின் மேல். பிழை நடக்கிறது, ஆனால் குப்பைத் தொட்டிக்குள் நடக்கிறது.

கேமராமேன் படத்துக்கு வருவோம். 31 பிக்சல் ஃபில்டருக்குப் புத்தக விதிப்படி 256 கூட்டல் 30, மொத்தம் 286. பாதி விதிப்படி 256 கூட்டல் 15, மொத்தம் 271. சிறிய எண்ணை எடுத்துக்கொண்டால் லாபம் என்று தோன்றும். ஆனால் 271 பகா எண். வேக ஃபூரியர் மாற்றத்தின் வேகம் முழுவதும் நீளத்தைச் சிறுசிறு காரணிகளாக உடைப்பதில்தான் இருக்கிறது. உடைக்க முடியாத நீளத்தைக் கொடுத்தால் அது திணறும், அல்லது சுற்றுவழியில் போகும். 286-ஐ உடைத்தால் 2, 11, 13 வரும், அதுவும் அவ்வளவு விசேஷம் இல்லை. 2, 3, 5 ஆகியவற்றால் மட்டுமே உடையும் எண்களில் 271-க்கு அடுத்து வருவது 288. 286-க்கு அடுத்து வருவதும் அதே 288. ஆக இந்தப் படத்துக்கு இரண்டு விதியும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. முழு விதியைப் பின்பற்றுவதால் இங்கே ஒரு காசும் கூடுதல் செலவில்லை.

பைத்தானில் இந்த எண்ணைத் தேட வேண்டியதில்லை, அதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது. கீழே f என்பது 256-க்கு 256 படம், h என்பது 31-க்கு 31 ஃபில்டர்.

```python
from scipy.fft import rfft2, irfft2, next_fast_len
P = next_fast_len(256 + 31 - 1, real=True)   # 288
G = rfft2(f, (P, P)) * rfft2(h, (P, P))
g = irfft2(G, (P, P))[15:271, 15:271]
```

கடைசி வரியில் 15-இலிருந்து வெட்டுவதைக் கவனியுங்கள். ஃபில்டரின் நடுப்புள்ளி அதன் 15-ஆவது பிக்சலில் இருக்கிறது. ஃபில்டரை மூலையில் வைத்துக் கணக்கிடுவதால் விடை முழுவதும் 15 பிக்சல் கீழேயும் வலப்புறமும் தள்ளியிருக்கும். இதை மறந்து பூஜ்யத்திலிருந்து வெட்டினால் படம் நகர்ந்துபோய் ஓரத்தில் இருட்டுப் பட்டை வரும். பலர் அதைப் பார்த்துவிட்டுப் பேடிங் போதவில்லை என்று நினைத்து இன்னும் பூஜ்யங்களைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், பட்டையோ அசையாது.

‘படத்தை இரண்டு மடங்கு ஆக்கிவிடு’ என்ற விதியைப் பலர் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 256 படத்துக்கு 512. ஃபில்டரும் படமும் ஒரே அளவு என்றால் புத்தக விதி 511 என்று சொல்லும், அதை இரட்டை எண்ணாக்கினால் 512. விதி வந்த வழி அதுதான். 31 பிக்சல் ஃபில்டருக்கு இது ஊதாரித்தனம், 288-க்கு 288 போதும் இடத்தில் மூன்று மடங்குக்கும் மேலான பிக்சல்கள். 256 படத்தில் அது பொருட்டில்லை. 6000-க்கு 4000 கேமராப் படத்தில் இரண்டு மடங்கு என்றால் 9.6 கோடி இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 16 பைட் வைத்து முழுக் கலப்பெண்ணாகச் சேமித்தால் ஒன்றரை ஜிகாபைட் நினைவகம் போய்விடும். அதே ஃபில்டருக்குத் தேவைப்படுவது 6030-க்கு 4030 தான்.

இருந்தாலும் அந்த விதியை ஒரேயடியாகக் கேலி செய்ய முடியாது. இதுவரை பேசியது அளவு தெரிந்த ஃபில்டரைப் பற்றி. அதிர்வெண் களத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அப்படி ஆரம்பிப்பதில்லை. அவர்கள் ஃபில்டரை அங்கேயே வரைவார்கள். ‘நடுவிலிருந்து 10 அலகு தூரத்துக்குள் உள்ள அலைகள் இருக்கட்டும், மற்றவை போகட்டும்’ என்பது போல. இந்த ஃபில்டருக்கு எத்தனை பிக்சல் நீளம்? கையில் கட்டம் எதுவும் இல்லை. ஆனால் நீளம் என்று ஒன்று இல்லாமல் இல்லை, அதைக் கணக்கிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காஸியன் ஃபில்டரில் கணக்கு சுலபம். அதிர்வெண் களத்தில் மணி வடிவத்தின் அகலம் D0 என்றால் படத்தில் அதன் அகலமான சிக்மா இப்படி வரும்:

```
sigma = P / (2 * pi * D0)
```

P 256, D0 10 என்றால் சிக்மா சுமார் 4.1 பிக்சல். மணி வடிவம் மூன்று சிக்மாவுக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அதாவது ஃபில்டரின் பாதி நீளம் 12, 13 பிக்சல். அவ்வளவு பூஜ்யம் போதும், கொஞ்சம் எச்சரிக்கைக்காரர் 20 போடலாம். D0 2 என்று வைத்தால் சிக்மா 20-ஐத் தாண்டும், தேவை 60 பிக்சலுக்கு மேல் போகும். அதிகமாக மங்கலாக்க வேண்டுமென்றால் அதிகப் பேடிங். அதிர்வெண் களத்தில் ஃபில்டர் குறுகக் குறுக, படத்தில் அதன் கை நீளும்.

இந்தச் சூத்திரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, பேடிங் போடத் தொடங்கியதும் பலர் அதில்தான் விழுகிறார்கள். மேலே P என்பது பேடிங் செய்த பிறகுள்ள அளவு. படத்தை 512 ஆக்கிவிட்டு D0-வை அதே 10-இல் விட்டால் சிக்மா 8 பிக்சல் ஆகிவிடும், அதாவது இரண்டு மடங்கு மங்கல். விளிம்புக் கறை போயிருக்கும், படம் முழுவதும் எதிர்பார்த்ததைவிடக் குழைந்திருக்கும். ‘பேடிங் போட்டால் படம் கெடுகிறது’ என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. சட்டம் இரண்டு மடங்கானால் அதில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகும், ஆகவே D0-வும் 20 ஆக வேண்டும்.

காஸியன் சாது. முரட்டுத்தனமானது, எல்லைக்குள் இருப்பதை அப்படியே விட்டு எல்லைக்கு வெளியே இருப்பதை ஒரே வெட்டில் நீக்கும் இலட்சிய ஃபில்டர். அதிர்வெண் களத்தில் அது கூர்மையான விளிம்புள்ள வட்டம். படத்தில் அதன் உருவம் நடுவில் ஒரு சிகரம், அதைச் சுற்றி ஏறி இறங்கும் வளையங்கள். அந்த வளையங்கள் தேய்ந்துகொண்டே போகும், ஆனால் எங்கேயும் முடியாது. P 256, D0 10 என்ற அளவில் நடுவிலிருந்து 128 பிக்சல் தள்ளிப் போன பிறகும் வளையத்தின் உயரம் சிகரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு இருக்கும். நீளத்துக்கு முடிவில்லாத ஃபில்டருக்கு எத்தனை பூஜ்யம் போட்டாலும் சுற்றிவருவதை முழுவதும் நிறுத்த முடியாது.

அப்படியானால் படத்தில் அதன் உருவத்தை எடுத்து, ஓர் இடத்தில் வெட்டி, பூஜ்யம் சேர்த்து மீண்டும் அதிர்வெண் களத்துக்குக் கொண்டுபோனால்? சுற்றிவரும் பிழை நிற்கும். ஆனால் வெட்டிய இடத்தின் கூர்மை, மறுபக்கத்தில் சிற்றலைகளாக வந்து நிற்கும். நாம் வரைந்த நேர்த்தியான வட்டம் ஓரம் நெளிந்துபோயிருக்கும். இரண்டு களத்திலும் ஒரே நேரத்தில் எல்லைக்குள் அடங்கும் ஃபில்டர் கிடையாது. ஆகவே நடைமுறையில் படத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு, ஃபில்டரை அந்தப் பெரிய அளவிலேயே நேரடியாக வரைந்துவிட்டு, மிஞ்சும் சிறு கலப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஃபில்டரின் நீளம் தெரியாத இந்தச் சூழலில்தான் இரண்டு மடங்கு விதி உண்மையிலேயே உதவுகிறது. என் அபிப்பிராயத்தில், இலட்சிய ஃபில்டரைப் பாடம் நடத்த மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குக் காஸியனை எடுத்துக்கொள்வதே மேல். சுற்றிவருவதைத் தடுத்தாலும் அந்த வளையங்கள் படத்துக்குள்ளேயே ஒவ்வொரு விளிம்பைச் சுற்றியும் கோடு போட்டுவிடும்.

பூஜ்யம் போட்ட விடையை இன்னொரு தடவை பாருங்கள். முதல் பிக்சல் 120, கடைசிப் பிக்சல் 24. வானம் 200 ஆக இருக்க வேண்டும், புல் 40 ஆக இருக்க வேண்டும். கலப்பு நின்றுவிட்டது, ஆனால் இரண்டு ஓரமும் இருண்டுவிட்டன. முதல் பிக்சலைப் பொறுத்தவரை சுற்றிவந்த 136-ஐவிட இந்த 120 உண்மையிலிருந்து இன்னும் தூரம்! இது சுற்றிவரும் பிழை இல்லை. பூஜ்யம் என்றால் கறுப்பு, படத்தைச் சுற்றிக் கறுப்புச் சுவர் எழுப்பினோம், சுவரின் கறுப்பு உள்ளே கசிந்திருக்கிறது. நேரடியாகச் சராசரி எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி: கறை எதிர் விளிம்பின் உள்ளடக்கத்தைக் காட்டினால் சுற்றிவந்தது, எந்தப் படமானாலும் இருட்டாகவே இருந்தால் பூஜ்யத்தின் வேலை.

இருட்டு வேண்டாமென்றால் பூஜ்யத்துக்குப் பதிலாகப் படத்தின் ஓரத்தையே கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட வேண்டும். நமது பத்தியில் மேலே இரண்டு 200, கீழே இரண்டு 40. விடை இப்படி மாறும்:

```
200 200 168 136 104  72  40  40
```

இங்கே பாதி விதி உதவாது. மேல் ஓரத்துக்கு வானம் வேண்டும், கீழ் ஓரத்துக்குப் புல் வேண்டும், ஒரே இடம் இரண்டு பேருக்கும் காவல் நிற்க முடியாது. இருபுறமும் பாதிப்பாதி என்று போட்டால் மொத்தம் மீண்டும் அதே N + m - 1. கேமராமேனுக்கு 286. இன்னும் தாராளமாகப் படம் முழுவதையும் ஒருமுறை திருப்பி அடியில் ஒட்டி 512 ஆக்கினால் வேடிக்கையான ஒன்று நடக்கும். புல்லுக்கு அடுத்துத் தலைகீழ்ப் புல், அதற்குக் கீழே தலைகீழ் வானம், அதற்கு அடுத்துச் சுற்றிவந்தால் மறுபடி வானம். எல்லா ஒட்டிலும் ஒத்தது ஒத்ததோடுதான் சேர்கிறது. இப்போது சுற்றிவந்தாலும் கெடுதல் இல்லை.

வேறொருவர் எழுதிய நிரல் கையில் கிடைத்தால், பேடிங் போதுமா என்று அறிய நிரலை வரிவரியாகப் படிக்க வேண்டியதில்லை. படம் முழுவதும் பூஜ்யமாக வைத்து, இடது மேல் மூலையில் மட்டும் ஒரு பிக்சலை 1 ஆக்கி, ஃபில்டருக்குள் அனுப்புங்கள். அந்த வெளிச்சம் தன் மூலையைச் சுற்றிக் கால் வட்டமாகப் பரவியிருக்க வேண்டும். மற்ற மூன்று மூலைகளிலும் ஏதாவது முளைத்திருந்தால் அது சுற்றி வந்ததுதான். விடையை 0 முதல் 255 வரையிலான முழு எண்ணாக்கும் முன் தசம எண்ணாகவே பார்க்க வேண்டும், முழு எண்ணாக்கினால் சிறு கலப்பு மறைந்துபோகும். மற்ற மூலைகளில் பத்தின் மைனஸ் பதினாறாம் அடுக்கு அளவில் எண்கள் இருந்தால் கவலை வேண்டாம், அது கணினியின் தசம முடிப்பு. ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று இருந்தால் கசிவு நிஜம். காஸியனுக்கும் இலட்சிய ஃபில்டருக்கும் இந்த ஒரே சோதனை, எத்தனை பங்கு கசிகிறது என்பதையும் சொல்லிவிடும்.

சில படங்களுக்கு இந்த வைத்தியமே தப்பு. 360 பாகைப் படங்களில் கேமரா தன்னைச் சுற்றிலும் இருப்பதை எடுத்து, நீளவாக்கில் விரித்து ஒரே செவ்வகமாகத் தரும். அதன் வலது ஓரத்துக்கு அடுத்து இருப்பது நிஜமாகவே இடது ஓரம்தான். அங்கே பக்கவாட்டில் பூஜ்யம் சேர்த்து மங்கலாக்கினால், கண்ணாடி மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பவருக்கு ஒரு திசையில் மட்டும் வானத்தைப் பிளந்தபடி செங்குத்தாக ஓர் இருட்டுக் கோடு தெரியும். அப்படிப்பட்ட படத்துக்கு மேலும் கீழும் மட்டும் பேடிங் போட்டு, அகலத்தை அப்படியே விட வேண்டும். வீடியோ விளையாட்டுகளில் சுவருக்கும் தரைக்கும் திரும்பத் திரும்ப ஒட்டும் சதுரப் படங்களுக்கோ இரண்டு திசையிலும் பேடிங் கூடாது. அவை பக்கத்தில் பக்கமாக ஒட்டப்படுவதற்கே வரையப்பட்டவை, ஃபூரியர் மாற்றம் பார்க்கும் விதமும் அதுதான்.